கரண்ட் வந்த பிறகும் ஜெனரேட்டர் ஏன் ஓடுகிறது?

(குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் ஜெனரேட்டரைப் பற்றி எப்போதும் இரண்டு கேள்விகள் வரும். கரண்ட் போனால் இருபது விநாடி இருட்டில் நிற்கிறோமே, உடனே ஏன் ஓடுவதில்லை? கரண்ட் வந்த பிறகும் ஏழெட்டு நிமிடம் ஓடுகிறதே, அது வீண் டீசல் இல்லையா? இரண்டையும் குறைத்து வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனை வற்புறுத்துகிறவர்களும் உண்டு. அப்படிக் குறைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு பேனல் இருக்கிறதல்லவா, அதில் சின்னத் திரையோடு இருப்பதுதான் கன்ட்ரோலர். இ.பி.யிலிருந்து வரும் மூன்று ஃபேஸையும் அது இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கும். வழக்கமாக ஒரு ஃபேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டும். 184-க்குக் கீழே இறங்கினால் 'கரண்ட் சரியில்லை' என்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். மறுபடி 'சரி' என்று ஒப்புக்கொள்ள 207-க்கு மேல் ஏற வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால், வோல்டேஜ் அந்த எண்ணைச் சுற்றி ஆடும்போதெல்லாம் கன்ட்ரோலரும் மனம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்த இடைவெளி.

வோல்டேஜ் இறங்கியதும் கன்ட்ரோலர் உடனே எஞ்சினைக் கிளப்பாது. சுமார் ஐந்து விநாடி காத்திருக்கும். நம் மாவட்டத்தில் இது ரொம்ப அவசியம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உருக்காலைகளும் ரோலிங் மில்களும் இருக்கின்றன. பெரிய சுமை ஏறும்போதோ, பக்கத்து லைனில் பழுது வந்து பிரேக்கர் விழும்போதோ, வோல்டேஜ் ஒரு விநாடிக்கும் குறைவாக இறங்கி எழுந்துவிடும். வீட்டில் விளக்கு ஒரு முறை மங்கி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒவ்வொரு மங்கலுக்கும் எஞ்சின் கிளம்பினால் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் எத்தனை நாள் தாங்கும்?

ஐந்து விநாடி கழிந்தும் கரண்ட் வராவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும். எஞ்சின் பிடித்தவுடனேயும் சுமையை ஏற்றிவிட மாட்டார்கள். ஆயில் அழுத்தம் ஏறி, வேகமும் வோல்டேஜும் நிலைக்கப் பத்து விநாடி தருவார்கள். ஐந்தும், ஸ்டார்ட்டருக்கு மூன்று நான்கும், பத்தும் சேர்ந்துதான் அந்த இருபது விநாடி. இதை ஓரிரு விநாடி குறைக்கலாம், இல்லாமல் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் அணையக் கூடாது என்றால் அதற்கு வீட்டு யு.பி.எஸ். தான் வழி.

இப்போது இரண்டாவது கேள்வி. ஒரு மழைக்கால மாலையை எடுத்துக்கொள்வோம். 7:10-க்கு மரக்கிளை உரசி ஃபீடர் விழுகிறது. 7:24-க்குத் துணைமின் நிலையத்தில் லைனைச் சோதித்துப் பார்க்க ஒரு முறை ஏற்றுகிறார்கள். கிளை இன்னும் விலகவில்லை. 7:26-க்கு மறுபடி விழுகிறது. கிளையை வெட்டிய பின் 7:41-க்கு நிலையாக வருகிறது.

கரண்ட் திரும்பியதும் காத்திருக்கும் நேரத்தை 30 விநாடி என்று வைத்திருந்தால், 7:24:30-க்கு வீடுகள் இ.பி.க்கு மாறும். 7:26-க்கு மறுபடி இருள். 7:41:30-க்கு இன்னொரு மாற்றம். முதலில் போனதையும் சேர்த்து நான்கு முறை வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஓடும் லிஃப்ட் நடுவில் நிற்கும், பம்ப் நின்று மறுபடி கிளம்பும். அதையே ஐந்து நிமிடம் என்று வைத்திருந்தால், 7:24-க்கு வந்த கரண்டைக் கன்ட்ரோலர் நம்பாது. 7:46-க்குத்தான் மாற்றும். மொத்தம் இரண்டே வெட்டு. இதற்குக் கூடுதலாக எஞ்சின் சுமையோடு ஓடுவது ஆறு நிமிடம். மணிக்கு 12 லிட்டர் குடிக்கும் எஞ்சின் என்றால் 1.2 லிட்டர். லிஃப்டில் ஒரு முதியவர் இரண்டு முறை கூடுதலாக மாட்டிக்கொள்வதற்கு இது பெரிய விலையா என்று நீங்களே சொல்லுங்கள்.

7:46-க்கு மாறிய பிறகும் எஞ்சின் மூன்று நிமிடம் சுமையில்லாமல் ஓடும். டர்போ சார்ஜர் கடும் சூட்டில், அதிவேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சட்டென நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்று, அதன் பேரிங்கில் தேங்கிய ஆயில் கருகிவிடும். இதற்குச் செலவாவது கால் லிட்டர் அளவு டீசல். இன்னொரு லாபமும் உண்டு: அந்த மூன்று நிமிடத்துக்குள் மறுபடி கரண்ட் போனால், எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் ஸ்டார்ட்டருக்குக் காத்திராமல் சுமையை எடுத்துக்கொள்ளும்.

ஒரு நேரத்தை மட்டும் யார் சொன்னாலும் பூஜ்யம் ஆக்கக் கூடாது. இ.பி. கான்டாக்டர் விலகியதற்கும் ஜெனரேட்டர் கான்டாக்டர் சேர்வதற்கும் நடுவில் விடும் ஓரிரு விநாடிதான் அது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரில் மிச்சமிருக்கும் வோல்டேஜ் அடங்க அந்த நேரம் வேண்டும். இரண்டு கான்டாக்டரும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடாதபடி இன்டர்லாக் என்ற தடுப்பும் இருக்கும். ஒன்று கம்பி வழியாகத் தடுப்பது, மற்றது ஒரு கான்டாக்டர் உள்ளே போனால் மற்றதை நகரவே விடாத இயந்திரப் பூட்டு. கன்ட்ரோலர் தப்பாகக் கணக்குப் போட்டாலும் இந்தப் பூட்டு காக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் கம்பங்கள் விழுந்து, ஊழியர்கள் ஊர் ஊராக லைனில் வேலை செய்தார்கள். அப்படி வேலை நடக்கும் லைனுக்குள் நம் ஜெனரேட்டர் கரண்ட் பின்பக்கமாக நுழைந்தால், டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். கம்பத்தில் இருப்பவர் உயிர் போகும். பூட்டைக் கழற்றிவிட்டு 'தற்காலிகமாக' ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள்.

கடைசியாக, கரண்ட் போயும் ஜெனரேட்டர் ஓடவில்லை என்றால் திரையைப் பாருங்கள். AUTO விளக்கு எரிய வேண்டும். சர்வீஸ் முடித்துவிட்டுப் போகிறவர் STOP-இல் விட்டுவிட்டுப் போவதுதான் அடிக்கடி நடப்பது. "FAIL TO START" என்று இருந்தால், மூன்று முறை முயன்று எஞ்சின் கிளம்பவில்லை என்று பொருள். கன்ட்ரோலர் தானாக மறுபடி முயலாது. முதலில் பேட்டரியையும் டீசலையும் பார்த்துவிட்டு, பிறகுதான் எலக்ட்ரீஷியன் அதை ரீசெட் செய்ய வேண்டும். சில வீடுகளில் மட்டும் இருட்டு, ஜெனரேட்டரும் சும்மா இருக்கிறது என்றால் மூன்று ஃபேஸையும் அது கண்காணிக்கிறதா என்று கேளுங்கள். ஒரே ஒரு ஃபேஸை மட்டும் பார்க்கும்படி கம்பி கொடுத்திருந்தால், மற்ற ஃபேஸ் போனது அதற்குத் தெரியவே தெரியாது.

நம் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. இந்த நேரங்களையும் வோல்டேஜ் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். யாராவது மாற்றினால், யார், எதற்காக மாற்றினார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். மாதம் ஒரு முறை, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, லிஃப்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இ.பி. மெயினை அணைத்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். இருபது விநாடியில் வந்துகொண்டிருந்தது முப்பது ஆனால், பெரும்பாலும் பேட்டரிதான் சொல்லிக் காட்டுகிறது.