வெள்ளீய உலையும் கட்டிலா ஆற்றலும்

காஜாங்கிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்வோர் சுங்கை பீசியை அடுத்து ஒரு பெரிய ஏரியைக் காண்பர். அது ஈயம் தோண்டிய குழி. நம் பேச்சில் ஈயம் எனப்படுவது பாடநூலில் வெள்ளீயம். பாடநூலின் ஈயமோ வேறு உலோகம்.

மண்ணிலிருந்து எடுக்கப்படுவது வெள்ளீய ஆக்சைடு. கரியுடன் உருக்கினால் உலோகம் கிடைக்கும்:

SnO2 + 2C → Sn + 2CO

இக்கலவையைக் காஜாங் வெயிலில் எத்தனை காலம் வைத்தாலும் உலோகம் வாராது. வினை மெதுவாக நிகழ்வதாலா, அன்றி அத்திசையில் நிகழவே இயலாததாலா?

ஒரு மோல் தாதுவுக்கு இவ்வினை ஏறத்தாழ 357 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது, அதுவே ΔH. அவ்வெப்பத்தை இழக்கும் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி ΔH/T அளவு குறைகிறது. மறுபுறம், திண்மங்களிலிருந்து வாயு பிறப்பதால் வினைப்பொருள்களின் என்ட்ரோபி கெல்வினுக்கு ஏறத்தாழ 386 ஜூல் கூடுகிறது; அது ΔS. வரவு செலவை மிஞ்சினால்தான் மாற்றம் நிகழும். இக்கணக்கை −T ஆல் பெருக்கினால் கிப்ஸ் 1870களில் வகுத்த கட்டிலா ஆற்றல் கிடைக்கும்:

ΔG = ΔH − TΔS

அழுத்தம் மாறாதபோதுதான் கைமாறும் வெப்பம் ΔH ஆகும். வெப்பநிலை மாறாதபோதுதான் அதை ஒரே T ஆல் வகுக்கலாம். அவ்விரண்டும் நிலைத்திருந்தால் சுற்றுப்புறத்தைத் தனியே எண்ணவேண்டியதில்லை. ΔG எதிர்மமாயின் வினை முன்னோக்கிச் செல்லும்.

காஜாங்கின் 30 பாகை, அதாவது 303 கெல்வினில், TΔS 117 கிலோஜூல். ΔG = 357 − 117 = +240. ஆகவே காத்திருந்து பயனில்லை. 1200 பாகை உலையில், 1473 கெல்வினில், TΔS 569 ஆகிறது, ΔG −212. இடையில் ஏறத்தாழ 650 பாகையில் ΔG சுழியாகிறது. ΔH, ΔS வெப்பநிலையோடு சிறிது மாறுவதால் இவ்வெல்லை தோராயமானதே.

இத்தகைய மாற்றத்தைத் ‘தன்னிச்சை’ என்கிறோம். அச்சொல்லில் விருப்பமும் விரைவும் ஒலிப்பது நமக்கு உவப்பில்லை. ‘கட்டிலா’ என்பதும் விலையில்லாதது என்று பொருள்படாது. பயனுள்ள வேலையாக மாறவல்லது என்பதே கருத்து. ΔG திசையை மட்டுமே சொல்லும், வேகத்தைச் சொல்லாது. 650 பாகையைச் சற்றே தாண்டிய கலவை மிக மெதுவாகவே வினைபுரியும்.

அப்படியானால் உலையை மேலும் மேலும் சூடாக்கலாமே எனில், இரும்பு குறுக்கிடுகிறது. தாதுவோடு வரும் இரும்பு ஆக்சைடுக்கும் கரியோடு ஓர் எல்லை உண்டு. அது 730 பாகை அளவில். அதற்கு மேல் இரண்டு வினைகளுக்குமே ΔG எதிர்மம். கரியும் வெப்பமும் மிகுந்தால் இரும்பும் உலோகமாகி வெள்ளீயத்தோடு கலந்து கடினமான கலவையாகிவிடும். அதனால் முதல் உருக்கில் கரியை அளவாகவே இடுகின்றனர். கசட்டில் சிறிது வெள்ளீயம் தங்குவதையும் பொறுத்துக்கொள்கின்றனர். அக்கசட்டைத் தனியே, மிகுந்த கரியோடும் கூடிய வெப்பத்தோடும், மீண்டும் உருக்குகின்றனர். அதில் வரும் இரும்புக் கலவையை முதல் உலைக்கே திருப்பி அனுப்புகின்றனர்.