மூன்று சொல் போதும்!

(“பிரிவு உபசார விழாவில் நெஞ்சில் நிற்பது நீண்ட பேச்சா, நாலு சொல்லா?” என்ற பட்டிமன்றத்தில், ‘நாலு சொல்லே’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனார். “30 வருஷம் உழைச்ச மனுஷனுக்கு 30 நிமிஷம் பேசக்கூடாதா?” என்றார். தாராளமாகப் பேசலாம். ஆனால் நடுவர் அவர்களே, ஓய்வு பெற்றவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருப்பார்கள். சுற்றி நண்பர்கள், கழுத்தில் சால்வை, முன்னால் ஒரு கேக். அந்தப் போட்டோவில் நீங்கள் பேசிய 30 நிமிஷம் கேட்குமா? கேட்காது. ஆனால் பின்னால் கட்டிய பேனரில் எழுதியது தெரியும். கேக்குமேல் எழுதியதும் தெரியும். அந்த விழாவில் பேசிய பேச்சிலேயே, போட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் பேச்சு அது ஒன்றுதான். (கைதட்டல்)

அப்படிப்பட்ட இடத்தில் நாம் என்ன எழுதுகிறோம்? ஒரு கல்லூரி. அங்கே மணி அடிக்கிற ஊழியர் ஒருவர். 32 வருஷம் மணி அடித்தவர். மாணவர்கள் எல்லோருக்கும் அவர் ‘மணியண்ணன்’. அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் பார்த்தால்தான் தெரியும். அவர் ஓய்வு பெறுகிறார். விழாக் குழு கூடி பேனருக்கு வாசகம் எழுதுகிறது. கேளுங்கள்:

“எங்கள் கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் அப்பழுக்கற்ற பணியாற்றி ஓய்வு பெறும் இன்னார் அவர்களுக்கு நடைபெறும் பணி நிறைவுப் பாராட்டு விழாவிற்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்.”

நடுவர் அவர்களே, போகிறது ஒருத்தர். ‘வருக வருக’ என்பது மற்றவர்களுக்கு! (சிரிப்பு) விழா அவருக்கு, வாசகம் விருந்தாளிக்கு.

எழுத்தை எண்ணிப் பாருங்கள். அவர் பெயரையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். பேனர் எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பத்தடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க ஓர் அங்குல உயரம் வேண்டும். கடைசி நாற்காலி 60 அடி தள்ளி இருந்தால் 6 அங்குல எழுத்து. நம் தமிழ் எழுத்தில் சுழி இருக்கிறது, புள்ளி இருக்கிறது. தூரத்தில் அது அடைந்துபோகும். அதனால் இன்னும் 2 அங்குலம் கூட்டி 8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியோடு ஓர் எழுத்துக்கு 10 அங்குல அகலம். பத்தடி பேனர் 120 அங்குலம். ஒரு வரிக்கு 12 எழுத்து! நூறு எழுத்தை எப்படி ஏற்றுவது? ஒன்பது வரி வேண்டும். அவ்வளவு உயரத்துக்குத் துணி கிடையாது. என்ன செய்வார்கள்? எழுத்தைச் சுருக்குவார்கள். முதல் வரிசைக்காரர் படிப்பார், மற்றவர்கள் ‘ஏதோ எழுதியிருக்கு’ என்று பார்ப்பார்கள்.

ஆகவே குறைத்துத்தான் ஆக வேண்டும். எதைக் குறைப்பது? அங்கேதான் வேலையே இருக்கிறது.

தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 2006-ஆம் ஆண்டு அங்கே தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை என்கிறார்கள் அறிஞர்கள். அதில் ஒரு கல்லில் ஒரு வீரனைப் பற்றி எழுதியிருக்கிறது. அவன் பெயர், அவன் சம்பந்தப்பட்ட ஊர், ஆநிரை கவர்ந்த பூசல். அவ்வளவுதான்! ‘அப்பழுக்கற்ற’ இல்லை, ‘தன்னலமற்ற’ இல்லை, ‘மாபெரும்’ இல்லை. என்ன நடந்தது என்று சொல்லிவிட்டான், நிறுத்திவிட்டான். கல்லில் உளி வைக்கிறவனுக்கு ஒவ்வோர் எழுத்தும் உழைப்பு. அதனால் அடைமொழியை விட்டான், ஆள் செய்ததை வைத்துக்கொண்டான்.

நமக்கும் அதுதான் முதல் சோதனை. வாசகத்தில் பெயரை எடுத்துவிட்டு இன்னொருத்தர் பெயரை வையுங்கள். பொருந்துகிறதா? பொருந்தினால் அது அவருக்கு எழுதியது அல்ல. ‘அப்பழுக்கற்ற பணி’ முதல்வருக்கும் பொருந்தும், காசாளருக்கும் பொருந்தும். மணி அடித்தது மணியண்ணனுக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கல்லில் எழுதியது இறந்தவனுக்கு. கேக்கை வெட்டப்போகிறவர் உயிரோடு இருக்கிறார்! (சிரிப்பு) இதை மறந்துவிடுகிறார்கள், நடுவர் அவர்களே. ஒரு விழாவில் பேனர்: “என்றும் எங்கள் நினைவில்!” பக்கத்தில் மாலை போட்ட போட்டோ. கீழே சேர்ந்த தேதி, ஒரு கோடு, ஓய்வு பெறும் தேதி. தெருவில் போகிறவன் தோற்றம், மறைவு என்று படித்துவிட்டு, “எப்ப எடுக்கிறாங்க?” என்று கேட்டுவிட்டுப் போகிறான்! (பலத்த சிரிப்பு) ஆகவே இரண்டாவது சோதனை இது: உங்கள் வாசகத்தைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வைத்துப் பாருங்கள். அங்கே பொருந்தினால், இங்கே வேண்டாம்.

இப்போது மணியண்ணனுக்கு வருவோம். தமிழ்த்துறை மாணவர்கள் நாலு பேர் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரு பையன் “கடைசி மணி” என்று எழுதினான். இரண்டே சொல், அவருக்கு மட்டுமே பொருந்துவது. முதல் சோதனையில் தேறியது. இரண்டாவது சோதனையில் விழுந்தது. கடைசி மணி என்றால் மனசு எங்கே போகிறது? வேண்டாம். இன்னொருவன் “மணி ஓய்ந்தது” என்றான். அதற்கும் அதே கதி. மூன்றாமவன் “இனிய ஓய்வு” என்றான். நல்லதுதான், ஆனால் யாருக்கும் பொருந்தும்.

அப்போது ஒரு பெண் கேட்டாள். “மணியண்ணன் 32 வருஷமா என்ன செஞ்சார்? மத்தவங்க நேரத்தைச் சொன்னார். நாம சாப்பிடப் போற நேரம், வீட்டுக்குப் போற நேரம் எல்லாம் அவர் சொன்னார். அவர் எப்ப சாப்பிட்டார்? நாம வகுப்புக்குத் திரும்பின பிறகு.” இதைச் சொல்லிவிட்டு அவள் எழுதினாள்:

இனி
உங்கள்
நேரம்

மூன்றே சொல், நடுவர் அவர்களே! (கைதட்டல்) மணி என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்த மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் மணி கேட்கும். பின்னால் பார்க்கவில்லை, முன்னால் பார்க்கிறது. வள்ளுவருக்கு அறம், பொருள், இன்பம் சொல்லவே குறளுக்கு ஏழு சீர் போதுமாக இருந்தது. ஒரு மனிதரை அனுப்பிவைக்க மூன்று சொல் போதாதா?

இன்னொரு அழகு. எழுத்து ஒன்பது. ஒரு கிலோ கேக், வட்டமானது, ஏறத்தாழ 8 அங்குலம் இருக்கும். ஓரத்தில் பூ வேலைக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் போனால் மிச்சம் 6. கிரீமைப் பிழிந்து எழுதும்போது ஓர் எழுத்துக்கு முக்கால் அங்குலம் வேண்டும். நடு வரியில் 8 எழுத்துக்கு மேல் போகாது. வட்டம் என்பதால் மேலேயும் கீழேயும் இன்னும் குறையும். ‘இனி’ இரண்டு எழுத்து மேலே, ‘உங்கள்’ நாலு எழுத்து நடுவில், ‘நேரம்’ மூன்று எழுத்து கீழே. கேக்குக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது! அவர் பெயரைக் கேக்கின்மேல் எழுதவில்லை. பெயர் பேனரில் இருக்கட்டும். முதல் வெட்டே அவர் பெயரில் விழ வேண்டுமா, சொல்லுங்கள்?

இங்கே ஒரு விஷயம், வீட்டுக்காரர்கள் கவனியுங்கள். வாசகத்தைப் போனில் சொல்லாதீர்கள். பேக்கரியில் பலருக்கு ஆங்கில எழுத்து கைக்கு வந்த அளவுக்குத் தமிழ் எழுத்து வராது. காகிதத்தில் பெரிதாக, வரி பிரித்து, புள்ளி வைத்து எழுதிக் கொடுங்கள். ‘நே’க்கு இரட்டைக் கொம்பு, ஒற்றைக் கொம்பு போட்டால் ‘நெரம்’ ஆகிவிடும். வாங்கும்போது பெட்டியைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். பேனரிலும் அப்படித்தான். ‘பணி நிறைவு’ என்பதில் மூன்று சுழி இரண்டு சுழி ஆனால் ‘பனி நிறைவு’. ஊட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும்! (சிரிப்பு) ‘வழியனுப்பு விழா’வில் ழகரம் லகரம் ஆனால் ‘வலியனுப்பு விழா’. வலியை யாருக்கு அனுப்புகிறீர்கள்? நூறு எழுத்து எழுதினால் பிழை நுழைய நூறு வாசல். ஒன்பது எழுத்தைக் காவல் காக்கலாம்.

எதிரணி நண்பர் சிரிக்கிறார். என்ன கேட்கப்போகிறார் என்று தெரியும். “ஐயா, நம்ம ஊர்ல ‘எல்லாம் என் நேரம்’னு சொன்னா கெட்ட நேரம்னுதானே அர்த்தம்?” என்பார். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். குறைந்த சொல்லுக்கு அந்த ஆபத்து உண்டு. நீண்ட பேச்சில் தவறினால் அடுத்த வாக்கியத்தில் திருத்திக்கொள்ளலாம். மூன்று சொல்லில் திருத்த இடமில்லை. அதனால்தான் மூன்றாவது சோதனை: வாய்விட்டுப் படியுங்கள். சந்தோஷமாக ஒரு தரம், சலித்துக்கொண்டு ஒரு தரம். இந்த வாசகத்தில் ‘இனி’ முன்னால் நின்று காப்பாற்றுகிறது. மணி அடித்தவர் என்பதும் காப்பாற்றுகிறது. இதையே மேலதிகாரியோடு சண்டை போட்டு மாற்றலாகிப் போகிறவருக்கு எழுதிப் பாருங்கள். குத்திக் காட்டுவதாகிவிடும்! அவருக்குப் ‘போய் வருக’ போதும். நம் வீட்டில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிப் படி இறங்குவதில்லையே, ‘போயிட்டு வர்றேன்’ என்றுதானே சொல்கிறோம்? போவதற்குள்ளேயே வருவதை வைத்த மொழி இது. இடம் மாறிப் போகிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே ஒருத்தருக்கு எழுதியதை இன்னொருத்தருக்குக் கடன் கொடுக்க முடியாது. எதிரணியினர் படித்தார்களே நீண்ட வாழ்த்துரை, அதில் பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்குப் படிக்கலாம். படித்தும் இருக்கிறார்கள்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, 32 வருஷம் அந்த மனிதர் ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல் மணி அடித்தார். அவரை அனுப்புகிற விழாவில் ஆளுக்கு அரைமணி பேசி, மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குப் போடுவதா மரியாதை? அவருக்கு என்று யோசித்த மூன்று சொல்தான் மரியாதை என்று தீர்ப்புக் கேட்டு, எனக்கும் மணி அடித்துவிட்டதால் அமர்கிறேன்.