வேலைக்குக் கொடுக்கும் பயோடேட்டாவில் மதக் கட்டம் வேண்டுமா?
(டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகள் ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்குக் கொண்டுபோகிற பயோடேட்டா பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் பழைய மாதிரிதான். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, வயது, திருமணம் ஆனவரா, மதம், மூலையில் போட்டோ. நிக்காஹ் பேச்சுக்குக் கொடுக்கிற தாளுக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை!

2007-ல் பேராசிரியர்கள் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், முஸ்லிம் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது.

ஆகவே மதக் கட்டத்தை எடுத்துவிட்டால் மதம் மறைந்துவிடாது, பெயரே சொல்லிவிடும். பெயரை மாற்றச் சொல்லவில்லை, மாற்றவும் கூடாது. சான்றிதழில் உள்ள பெயரே இருக்கட்டும். ஆனால் வயது, திருமணம், போட்டோ ஆகிய மூன்றும் கழித்துக்கட்ட மேலும் மூன்று சாக்குகள். பெண்பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு.

ஒரு சகோதரியின் தாளை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பி.காம்., டேலியில் நான்கு வருஷ அனுபவம். முதல் பக்கம் முழுக்க சொந்த விபரம், அனுபவம் இரண்டாம் பக்கத்தில். மதம், திருமணம், வயது, தகப்பனார் பெயர், போட்டோ ஐந்தையும் எடுக்கிறோம். முகவரிக்கு 'பெருங்குடி, சென்னை 600096' போதும், தெருப் பெயர் வேண்டாம். இமெயில் முகவரியில் பிறந்த வருஷம் இருந்தால் புதிதாக ஒன்று தொடங்க வேண்டும். வயதை எடுத்துவிட்டு அதை அங்கே விட்டுவிடுகிறோம். கிடைத்த இடத்தில் மாதம் எத்தனை பில் பதிந்தார், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தாரா என்று எழுதலாம். உருது, அரபி தெரிந்தால் மொழிகளில் அது நிற்கட்டும், அது திறமை.

போட்டோவை எடுப்பது ஹிஜாபை மறைக்க அல்ல. நேர்முகத்துக்கு ஹிஜாபோடுதான் போகிறார். நேரில் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். எழுதாமல் விடுவது வேறு, பொய் வேறு. வேலை உறுதியான பின் பி.எஃப். படிவத்தில் பிறந்த தேதி, திருமண விபரம் கேட்பார்கள். அப்போது கொடுக்கலாம்.

வளைகுடா வேலை என்றால் கதை வேறு. அங்கே விசாவுக்காக போட்டோ, நாட்டுரிமை, குடும்ப நிலை முதலிலேயே கேட்பது உண்டு. கேட்டால் கொடுங்கள்.

அரசு வேலையில் இதைத் தலைகீழாகச் செய்யணும். டிஎன்பிஎஸ்சி படிவத்தில் எந்தக் கட்டத்தையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், ஷேக், சையத், தக்னி முஸ்லிம் போன்ற பிரிவுகள் அந்தப் பட்டியலில் உள்ளன. எல்லாப் பிரிவும் இல்லை. சான்றிதழில் வெறுமனே 'முஸ்லிம்' என்றில்லாமல் பிரிவின் பெயர் இருக்கிறதா என்று இன்றிரவே வீட்டில் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கடைசித் தேதி நெருங்கிய பிறகு ஓடினால் கைக்கு வராது.