வாடகை வீட்டுக்கு ஒரு பக்கப் பட்டியல்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெளியூரில் வீடு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டார். வருமான வரியைப் பற்றிச் சொல்ல நம்மில் பல ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் பிளம்பரைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

மும்பை செம்பூரில் எங்களுக்கு ஒரு சிறிய ஃபிளாட் உண்டு. ஓய்வு பெற்றபின் நாங்கள் நாக்பூருக்கு வந்துவிட்டோம். ஃபிளாட்டைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டோம். ஒரு மழைக்காலத்தில் குளியலறைச் சுவருக்குள் ஓடும் குழாய் கசியத் தொடங்கியது. குடித்தனக்காரர் எனக்கு போன் செய்தார். என் டைரியில் இருந்த பிளம்பரின் எண் யாரோ ஒரு மளிகைக் கடைக்குப் போயிற்று. வாட்ச்மேன் கொடுத்த இன்னொருவர், "அரை மணியில் வருகிறேன்" என்றார். அந்த அரை மணி நான்கு நாள் நீடித்தது. அதற்குள் கீழ்வீட்டுக் கூரை ஊறிப் பெயிண்ட் உரிந்துவிட்டது. அந்தச் செலவை நான் கொடுத்தேன். நல்ல குடித்தனக்காரர், ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்காமல் போய்விட்டார். அதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

அதன்பின் நான் செம்பூரில் ஐந்து நாள் தங்கி ஒரு பட்டியல் தயாரித்தேன். பெயரை எங்கிருந்து பிடிப்பது? வாட்ச்மேன் ஒரு வழி. ஆனால் அவர் கமிஷன் தருகிறவரையே சொல்லக்கூடும். எனக்கு உதவியது பக்கத்துத் தெரு ஹார்ட்வேர் கடை. காலை எட்டரை மணிக்கு அங்கே போய் நின்றால், அன்றைய வேலைக்குச் சாமான் வாங்க யார் வருகிறார்கள் என்று தெரியும். தினமும் வருகிறவருக்குத் தினமும் வேலை இருக்கிறது என்று பொருள். அவர் இருப்பதும் அருகில்தான். அப்படி இரண்டு பிளம்பர், இரண்டு எலெக்ட்ரீஷியன், இரண்டு பெயிண்டர் பிடித்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். ஒருவருக்குக் குழாய் மாற்றுவது, ஒருவருக்கு ஸ்விட்ச் போர்டு, ஒருவருக்கு பால்கனி கிரில். எலெக்ட்ரீஷியனிடம் மட்டும், மாநில அரசு தரும் வயர்மேன் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். பெயர், இரண்டு போன் எண், எந்த வேலை தெரியும், எது தெரியாது என்பதெல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். கவனிக்க வேண்டியவை இரண்டு: கூலி, வந்து சேரும் நேரம். இரண்டிலும் அவர்கள் சொன்னதை எழுதக்கூடாது. நடந்ததை எழுத வேண்டும்.

முதலில் கூலி. பிளம்பருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் வந்து பார்ப்பதற்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு, சாமான் யார் வாங்குவது என்று மூன்றாகப் பிரித்து, தேதியும் போட்டு எழுதுங்கள். தேதி இல்லாத கூலி அடுத்த வருஷம் சண்டைக்குத்தான் உதவும். பெயிண்டர் விஷயம் வேறு. ஒருவர் சாமான் உள்பட சதுர அடிக்கு 22 ரூபாய் என்றார். மற்றவர் 18 ரூபாய் என்றார். பதினெட்டுதானே மலிவு? முதலாமவர் சுவரையும் கூரையையும் அளந்து, கதவு, ஜன்னல், சமையலறை டைல்ஸ் எல்லாவற்றையும் கழித்து 1,500 சதுர அடி என்றார். மொத்தம் 33,000 ரூபாய். இரண்டாமவர் எதையும் கழிக்காமல் 2,000 சதுர அடி என்றார். மொத்தம் 36,000 ரூபாய். நானே டேப் பிடித்து அளந்தேன். 1,500க்குப் பக்கத்தில்தான் வந்தது. அன்றுமுதல் என் பட்டியலில் வீட்டின் அளவு என் கணக்குப்படி எழுதியிருக்கிறது. அவர்களிடம் நான் கேட்பது மொத்தத் தொகை மட்டும். கூடவே பிரைமர் உண்டா, புட்டி எத்தனை கை, பெயிண்ட் எத்தனை கோட் என்று ஒரு வரி. மொத்தத் தொகை திடீரென்று குறைந்தால், பெரும்பாலும் அந்த வரியில்தான் ஏதோ குறைந்திருக்கும்.

அடுத்தது நேரம். போன் செய்த நேரம், ஆள் வாசலுக்கு வந்த நேரம், இரண்டையும் குடித்தனக்காரர் குறித்து எனக்கு அனுப்புவார். அதே வளாகத்தில் வீடு வைத்துக்கொண்டு வெளியூரில் இருக்கும் இன்னும் இரண்டு பேரும் இந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டார்கள். அதனால் இரண்டு வருஷத்தில் ஒவ்வொரு பிளம்பருக்கும் ஐந்து குறிப்பு சேர்ந்தது. முதல் பிளம்பர் வந்த நேரம் 2, 3, 2, 4, 26 மணி. இரண்டாமவர் 6, 7, 6, 8, 7 மணி. சராசரி போட்டால் முதலாமவருக்கு 7.4, இரண்டாமவருக்கு 6.8. இரண்டாமவரே மேல் என்று தோன்றும். சயின்ஸ் படித்தவனுக்கு அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பாருங்கள்: முதலாமவருக்கு 3, இரண்டாமவருக்கு 7. ஒரே ஒரு 26தான் கணக்கைக் கெடுத்தது.

அந்த 26 ஏன் வந்தது என்று தேதியைப் பார்த்தேன். கணபதி பண்டிகை வாரம். அவர் கொங்கண்காரர். அந்த வாரம் அவர் சொந்த கிராமத்தில் இருப்பார். மும்பையில் வேலை செய்யும் கொங்கண்காரர்களில் மிகப் பலர் அப்படித்தான். எங்கள் பெயிண்டர் பீஹாரைச் சேர்ந்தவர்; தீபாவளிக்குப் பின் சட் பூஜைக்குப் போனால் மூன்று வாரம் ஆகும். ஆகவே "ஊருக்குப் போகும் காலம்" என்று ஒரு கட்டம் சேர்த்தேன். கணபதி வாரத்தில் மட்டும் இரண்டாவது பிளம்பரை முதலில் கூப்பிடு என்று அதில் எழுதியிருக்கிறது. கணபதி வருவதும் மழைக்காலத்தில்தான் என்பதை மறக்க வேண்டாம்.

யார் பணம் கொடுப்பது என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் இதற்கு ஓர் அட்டவணையே உண்டு. வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர் ரிப்பேர் போன்றவை குடித்தனக்காரர் பொறுப்பு. மாநிலம் தன் சட்டமாக ஏற்றால்தான் அது கட்டுப்படுத்தும். ஆனாலும் ஒப்பந்தத்தில் அதைப்போல எழுதிக்கொள்வதில் தடையில்லை.

பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஒரு பிரதி குடித்தனக்காரர் சமையலறைக் கதவின் உட்பக்கத்தில், ஒன்று வாட்ச்மேனிடம், ஒன்று என்னிடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணுக்கும் நானே போன் செய்து பார்க்கிறேன். மாறியதை அழிப்பதில்லை, கோடு போட்டுப் பக்கத்தில் எழுதுகிறேன். பழைய கூலி தெரிந்தால்தான் எவ்வளவு ஏறியது என்று தெரியும்.

இந்தப் பட்டியலால் தீராத விஷயமும் உண்டு. எவ்வளவு வேகமான பிளம்பரும் இரண்டு மணிக்கு முன் வருவதில்லை. தண்ணீர் அதற்குள் கீழ்வீட்டுக்குப் போய்விடும். ஆகையால் பக்கத்தின் முதல் வரியில் எந்த ஆளின் பெயரும் இல்லை. "தண்ணீர் மெயின் வால்வு: குளியலறைக் கதவுக்கு மேல், பரணில், இடது மூலை. கரன்ட் மெயின் ஸ்விட்ச்: வாசல் கதவுக்குப் பின்னால்" என்று எழுதியிருக்கிறது. புதுக் குடித்தனம் வந்ததும் அந்த வால்வை ஒருமுறை மூடித் திறந்து காட்டச் சொல்கிறேன். வருஷக்கணக்கில் திருகாத வால்வு இறுகிப்போயிருக்கும், அவசரத்தில் திரும்பாது.

போன மழையில் இரவு பத்து மணிக்கு அதே குளியலறையில் ஒரு இணைப்பு விட்டுவிட்டது. குடித்தனக்காரரின் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி வால்வை மூடிவிட்டு, உடைந்த இடத்தைப் படம் எடுத்துப் பிளம்பருக்கு அனுப்பினாள். அவர் பன்னிரண்டரைக்குச் சரியான சாமானோடு வந்தார். எனக்குச் சேதி மறுநாள் காலைக் காபி வேளையில்தான் வந்தது. கீழ்வீட்டுக் கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தக் குடித்தனம் இப்போது மூன்றாவது முறையாக ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறது.