மோட்டார் எரிஞ்சா யார் காசு? வீட்டு ஓனருக்கு நான் எழுதின லெட்டர்

போன ஏப்ரல்ல எங்க வீட்டு போர் மோட்டார் எரிஞ்சுபோச்சு. நான் இருக்கறது ஸ்ரீவில்லிபுத்தூர்ல, மாடி வீடு. கீழ் வீட்ல ஒரு அக்கா குடும்பம். ரெண்டு வீட்டுக்கும் ஒரே போர், ஒரே டேங்க். ஓனர் அண்ணாச்சி இருக்கறது ராஜபாளையத்துல. பஸ்ல அரை மணி நேரம்தான், ஆனா பேசறதெல்லாம் போன்லதான்.

முதல் நாள் நான் வாட்ஸ்அப்ல ஒரே வரி அனுப்பினேன்: "தண்ணி வரல, உடனே ஆள் அனுப்புங்க." பதிலும் ஒரே வரிதான்: "ஓட்டினது நீங்க, நீங்கதான் பாக்கணும்." அதோட பேச்சு நின்னுபோச்சு. மூணு நாள் தண்ணி வண்டி வாங்கினோம். அதுக்கப்புறம்தான் ஒழுங்கா ஒரு லெட்டர் எழுதணும்னு தோணுச்சு. அந்த லெட்டர் எப்படி வந்துச்சுங்கறதுதான் இந்த எபிசோட்.

எழுத உட்காருறதுக்கு முன்னாடி, என்ன போச்சுன்னு தெரியணும். ஸ்டார்ட்டர் பாக்ஸ்ல இருக்கற கெப்பாசிட்டர் மட்டும் போயிருந்தா சில நூறு ரூபாயில முடியும். அதுக்கு லெட்டரே தேவையில்ல. அதனால மெக்கானிக் முதல்ல அதை மாத்திப் பார்த்தார். மோட்டார் எடுக்கல. அடுத்து பாக்ஸ்லயே மோட்டார் ஒயரைக் கழட்டி, சீரிஸ் பல்பு வச்சு எர்த்துக்குப் பார்த்தார். பல்பு எரிஞ்சுச்சு. உள்ள காயில் பாடியில இடிக்குதுன்னு அர்த்தம். மோட்டாரை வெளிய எடுத்துத்தான் ஆகணும்.

எடுத்துப் பிரிச்சப்ப நானும் கடையில நின்னேன். காயில் கருகியிருந்துச்சு. புஷ்ஷும் தேய்ஞ்சு, சூட்டுல நிறம் மாறியிருந்துச்சு. "தண்ணி இல்லாம ஓடியிருக்கு தம்பி"ன்னார். சப்மெர்சிபிள் மோட்டாரை குளிர வைக்கறதே அதைச் சுத்தி இருக்கற தண்ணிதான். கோடையில போர்ல மட்டம் இறங்கினா, மோட்டார் காத்துல சுத்தும். அப்போ லோடு கம்மி, கரண்ட்டும் கம்மியாத்தான் இழுக்கும். பாக்ஸ்ல இருக்கற ஓவர்லோட் ட்ரிப் கரண்ட் கூடினாத்தான் விழும். குறைஞ்சா அது சும்மா இருக்கும். தண்ணி இல்லாம ஓடினா நிறுத்தறதுக்கு ட்ரை ரன் ப்ரிவென்டர்னு தனி கருவி வேணும். எங்க பாக்ஸ்ல அது இல்ல.

இப்போ தப்பு யார்மேல? கருவி வைக்காதது அண்ணாச்சி. ஆனா அன்னைக்கு காலையில மோட்டாரைப் போட்டுட்டு, ஆபீஸ் கால்ல ஒரு மணி நேரத்துக்கு மேல மறந்து உட்கார்ந்திருந்தது நான். டேங்க் நிறைய இருபத்தஞ்சு நிமிஷம் போதும். இதைச் சொல்லாம லெட்டர் எழுதலாமான்னு ஒரு ராத்திரி யோசிச்சேன். சொன்னா மொத்தத்தையும் என் தலையில கட்டிருவாரோன்னு பயம். ஆனா அதே மெக்கானிக்கிட்ட அவரும் ஒரு போன் போட்டு கேட்டா தெரிஞ்சுரும். அப்புறம் லெட்டர்ல இருக்கற எதையும் அவர் நம்பமாட்டார்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். வீட்டு ஓனர், வாடகைதாரர் பொறுப்புகளைப் பத்தி தமிழ்நாட்டுல 2017-ல ஒரு சட்டம் வந்து, 2019-ல அமலுக்கு வந்துச்சு. அதோட இரண்டாம் அட்டவணையில வேலைகளைப் பிரிச்சிருக்காங்க. பைப் மாத்தறது, ஒயரிங், சுவர், கட்டட ரிப்பேர் ஓனருக்கு. டேப், வாஷர், சுவிட்ச், மின் சாதன ரிப்பேர் நமக்கு. போர் மோட்டார்னு பேர் போட்டு அதுல இல்ல. "மின் சாதனம்தானே"ன்னு அவர் சொல்லலாம், "தண்ணி ஏத்தற பைப் லைன்ல ஒரு பாகம்"னு நான் சொல்லலாம்.

ஓனர் தன் பொறுப்புல இருக்கற வேலையைச் செய்ய மறுத்தா, நாம செஞ்சு வாடகையில கழிக்கலாம்னும் அதுல இருக்கு. ஆனா ஒரு மாசத்துல பாதி வாடகைக்கு மேல கழிக்கக்கூடாது. மோட்டார் யார் பொறுப்புன்னே தெளிவா இல்லாதப்ப, சம்மதம் வாங்காம நானா கழிச்சா அது வாடகை பாக்கியாத்தான் நிக்கும். அதனால லெட்டர்ல சட்டத்தை வச்சு மிரட்டல. அந்த பாதி வரம்பை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

லெட்டர் இதுதான்:

"அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். போர் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. தண்ணீர் மட்டம் இறங்கிய நேரத்தில் ஓடியதால் எரிந்ததாக மெக்கானிக் சொல்கிறார். அன்று மோட்டாரை நிறுத்த மறந்தது நான்தான். பாக்ஸில் ட்ரை ரன் ப்ரிவென்டர் இல்லாததும் ஒரு காரணம். மோட்டார் போட்டு எட்டு வருடம் ஆகிறது என்று நீங்களே முன்பு சொல்லியிருக்கிறீர்கள்.

செலவு: மோட்டாரை எடுத்து இறக்கக் கூலி 2,500 ரூபாய், காயில் கட்ட 3,200, புஷ், பேரிங் 900, ப்ரிவென்டர் 1,400. மொத்தம் 8,000.

ப்ரிவென்டர் புதிதாக வீட்டோடு நிற்கப்போகும் பொருள் என்பதால் அதை நீங்கள் ஏற்க வேண்டுகிறோம். மீதி 6,600-ல் மூன்றில் ஒரு பங்கு, 2,200 ரூபாயை, இரண்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்குப் பாதியாகத் தருகிறோம். உங்கள் பங்கு 5,800. மொத்தப் பணத்தையும் இப்போது நானே கடையில் கட்டிவிடுகிறேன். என் வாடகை 7,500-ல் மாதம் 2,900 வீதம் இரண்டு மாதம் கழித்துக்கொள்ள அனுமதி தாருங்கள். பில் உங்கள் பெயரிலேயே வாங்குகிறேன்.

உங்களுக்கு வேறு கணக்கு சரியென்று பட்டால் சொல்லுங்கள். உங்கள் பதில் வந்த பிறகே வேலையை ஆரம்பிக்கச் சொல்கிறேன்."

கீழ் வீட்டு அக்காவும் கையெழுத்துப் போட்டாங்க. பிரிச்ச மோட்டார் போட்டோவையும், கடைக்காரர் எழுதின எஸ்டிமேட்டையும் சேர்த்து அனுப்பினேன். பங்கை ஏன் பாதி பாதின்னு போடலைன்னா, எட்டு வருஷம் ஓடின காயில் புதுசு இல்ல. புதுசா கட்டற காயில் நாங்க காலி பண்ணின பிறகும் அந்த வீட்லதான் ஓடும்.

அன்னைக்கு சாயங்காலமே போன் வந்துச்சு. "மறந்துட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அது போதும் தம்பி"ன்னார். ஆனா 2,200 ஒத்துக்கல. "கூலில நீங்க இன்னும் கொஞ்சம் சேருங்க, 3,000 ஆக்கிருங்க"ன்னார். எனக்கும் அது தப்பா படல. 1,500 எனக்கு, 1,500 அக்காவுக்குன்னு ஆச்சு. ஆனா மறந்தது நான், அவங்க இல்ல. அதனால அக்காகிட்ட 1,100 மட்டும் வாங்கிக்கிட்டு, கூடின 800-ஐயும் நானே போட்டேன். அண்ணாச்சி பங்கு 5,000. மாசம் 2,500 வீதம் ரெண்டு மாசம் கழிக்கறோம்னு வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பினேன், "சரி"ன்னு பதில் வந்த பிறகுதான் மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

ரெண்டாவது நாள் தண்ணி வந்துச்சு. மே மாசம் ஒரு தடவை ப்ரிவென்டர் தானா மோட்டாரை நிறுத்துச்சு. பாக்ஸ்ல ஆம்ஸ் முள்ளு இறங்கி, டக்குனு ஆஃப் ஆயிருச்சு. அன்னைக்கும் நான் கால்லதான் இருந்தேன். அந்த போட்டோவை அண்ணாச்சிக்கு அனுப்பினேன். "1,400 ரூபா வீண் போகல"ன்னு பதில் போட்டார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.