புட் விற்று பங்கு வாங்கலாமா? தள்ளுபடிக்குப் பின்னால் இருக்கும் வாக்குறுதி

உடுமலைப்பேட்டையிலிருந்து பேசறேன்.

போன வாரம் என் மாமா பையன் போன் பண்ணினான். திருப்பூர்ல வேலை. இடம் வாங்கறதுக்காக 4 லட்சத்து 30 ஆயிரம் சேர்த்து வெச்சிருக்கான். "மாப்ள, ஒரு பங்கு 900 ரூபாய்ல இருக்கு. 860-க்கு வந்தா வாங்கலாம்னு காத்துட்டு இருக்கேன். சும்மா காத்திருக்கறதுக்குப் பதிலா 860 புட்டை வித்தா, காத்திருக்கறதுக்கே காசு தர்றாங்களாமே?" அப்படின்னு கேட்டான். அவன் சொன்னதுல தப்பு எதுவும் இல்லை. அந்தக் காசை யார் தர்றாங்க, எதுக்குத் தர்றாங்கங்கறதை மட்டும் அவன் கேட்கலை. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல புட்னா என்னன்னு நம்ம ஊர்க் கொப்பரையை வெச்சே பார்த்துடலாம். 2023-ல அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவிச்ச ஆதரவு விலை கிலோ 108 ரூபாய் 60 பைசா. வெளியில வியாபாரி அதைவிடக் கம்மியாத்தான் கேட்டார். அதனால விவசாயிங்க மூட்டையை ஏத்திட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனாங்க. 2025-ல ஆதரவு விலை 115 ரூபாய் 82 பைசா. ஆனா அந்த வருஷம் வெளி மார்க்கெட்ல கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போச்சு. யாராவது 115-க்குக் கொண்டுபோய்க் கொடுப்பாங்களா?

இங்க கவனிங்க. கொடுக்கறதா வேண்டாமாங்கற முடிவு விவசாயி கையில இருக்கு. கொள்முதல் நடக்கற வரைக்கும், விதிமுறைப்படி கொண்டுவந்த சரக்கை அரசு வாங்கிக்கணும். விவசாயிகிட்ட இருக்கறதுதான் புட். அரசு நிக்கற இடம்தான் புட் வித்தவர் நிக்கற இடம். ஒரே வித்தியாசம், அரசு இதுக்குக் காசு வாங்கறதில்லை. நீங்க வாங்கறீங்க. அந்தக் காசுக்குப் பேர்தான் பிரீமியம். இன்னொன்னும் தெரியுது பாருங்க. சரக்கு உங்க கைக்கு வர்றது, வெளியில விலை மோசமா இருக்கற நாள்லதான்.

இப்போ கேஷ் செக்யூர்ட் புட்டுக்கு வருவோம். 860-க்குப் புட் வித்துட்டு, ஒரு லாட் முழுசையும் வாங்கறதுக்கான பணத்தை அப்படியே தனியா ஒதுக்கி வெச்சுட்டா, அதுக்குத்தான் இந்தப் பேர். கணக்குக்கு ஒரு லாட் 500 பங்கு, பிரீமியம் பங்குக்கு 15 ரூபாய்னு வெச்சுக்குவோம். ஒதுக்க வேண்டியது 860 பெருக்கல் 500, அதாவது 4 லட்சத்து 30 ஆயிரம். கையில வர்ற பிரீமியம் 7,500. எக்ஸ்பைரி அன்னிக்குப் பங்கு 860-க்கு மேல முடிஞ்சா 7,500 உங்களுது, பங்கு வராது. கீழ முடிஞ்சா பங்கு 860-க்கு வரும், பிரீமியத்தைக் கழிச்சா அடக்க விலை 845.

கேட்கறதுக்கு நல்லாத்தானே இருக்கு? இப்போ நிஜமா நடந்த ஒரு நாளை எடுத்துக்குவோம்.

2025 மார்ச் 10, திங்கட்கிழமை. இண்டஸ்இண்ட் வங்கிப் பங்கு 900 ரூபாய் பக்கத்துல முடிஞ்சது. மார்க்கெட் மூடினதுக்கு அப்புறம் வங்கி ஒரு அறிவிப்பு கொடுத்தது. டெரிவேட்டிவ் கணக்குகள்ல முரண்பாடு இருக்கு, அதோட பாதிப்பு 2024 டிசம்பர் நிலவரப்படி நிகர மதிப்புல சுமார் 2.35 சதவீதம் இருக்கும்னு அதுல சொல்லியிருந்தாங்க. மறுநாள் பங்கு 27 சதவீதம் விழுந்து 656 பக்கத்துல முடிஞ்சது. ஒரே நாள்ல.

நம்ம கணக்கை இதுல வெச்சுப் பாருங்க. திங்கட்கிழமை மதியம் ஒருத்தர் 860 புட்டை 15 ரூபாய்க்கு வித்தார்னு வெச்சுக்குவோம். அவருக்கு அடக்கம் 845. செவ்வாய் சாயந்திரம் பங்கு 656. பங்குக்கு 189 ரூபாய், 500 பங்குக்கு 94,500 ரூபாய் இறக்கம். வாங்கின பிரீமியம் 7,500. மார்ச் 27 எக்ஸ்பைரி வரைக்கும் விலை 860 பக்கம் திரும்பி வரவே இல்லை.

"பங்கை நேரா வாங்கியிருந்தாலும் விழுந்திருக்குமே"ன்னு நீங்க கேட்கலாம். சரிதான். 900-க்கு வாங்கினவருக்கு இதைவிட அதிக நஷ்டம். ஆனா நம்ம பையன் 900-க்கு வாங்கறதா இல்லையே. 860-க்கு வந்தா வாங்கலாம்னுதானே இருந்தான்? அப்போ ஒப்பிட வேண்டியது, 860-க்கு லிமிட் ஆர்டர் போட்டு வெச்சவரோட.

லிமிட் ஆர்டர் போட்டவர் திங்கட்கிழமை ராத்திரி செய்தியைப் பார்த்ததும் போனை எடுத்து ஆர்டரை கேன்சல் பண்ணிடலாம். ஒரு ரூபாய் செலவில்லை. தூங்கிப் போய் விட்டுட்டார்னாகூட, காலையில மார்க்கெட் 860-க்குக் கீழ திறந்தா, அந்தக் குறைஞ்ச விலைக்குத்தான் அவருக்குப் பங்கு கிடைக்கும். புட் வித்தவருக்கு கேன்சல் பட்டனே கிடையாது. வித்ததைத் திரும்ப வாங்கி வெளிய வரலாம், ஆனா காலையில மார்க்கெட் திறக்கும்போதே அந்தப் புட்டோட விலை ஏறிப் போயிருக்கும். 15-க்கு வித்ததை அன்னிக்கு சாயந்திரம் திரும்ப வாங்கணும்னா 200 ரூபாய்க்கு மேல கொடுத்திருக்கணும்.

என்னைக் கேட்டா, பிரீமியத்துக்குச் சரியான அர்த்தம் இதுதான். மனசு மாத்திக்கற உரிமையை நீங்க இன்னொருத்தருக்கு வித்துட்டீங்க. அதுக்கான விலைதான் அந்த 15 ரூபாய். அது காத்திருக்கறதுக்கான கூலி இல்லைங்க.

எதிர்ப்பக்கமும் ஒன்னு இருக்கு. நம்ம நாட்டுல பங்கு ஆப்ஷன் எல்லாம் எக்ஸ்பைரி அன்னிக்கு மட்டும்தான் கணக்குத் தீர்க்கும். மாசத்துல நடுவுல பங்கு 850-க்கு வந்துட்டு எக்ஸ்பைரிக்குள்ள 930-க்கு ஏறிடுச்சுன்னா? லிமிட் ஆர்டர் போட்டவருக்கு 860-க்குப் பங்கு கிடைச்சிருக்கும். உங்களுக்கு 7,500 மட்டும்தான். நல்ல பங்கு கையை விட்டுப் போறதும், கெட்ட செய்தி வந்த பங்கு கையில வந்து சேர்றதும் இந்த முறையிலேயே இருக்கற குணம்.

சரி, இவ்வளவு நேரம் ஒரு லாட் வித்தவரைப் பத்திப் பேசினோம். அவருக்கு 94,500 இறக்கம் இருக்கு, ஆனா பங்கை வாங்கப் பணமும் இருக்கு. அவரால வங்கியோட கணக்கைப் படிச்சுப் பார்த்து, வெச்சிருக்கலாமா வித்துடலாமான்னு நிதானமா முடிவெடுக்க முடியும். உண்மையில ஆபத்து வர்றது அடுத்த ஆளுக்கு.

நம்ம ஊர் புரோக்கர் ஆப்ல "கேஷ் செக்யூர்ட்"னு ஒரு பட்டன் கிடையாது. 860 PE-ஐ செல் பண்ணப் போனா முழு 4 லட்சத்து 30 ஆயிரத்தைக் கேட்காது. மார்ஜின் மட்டும் கேட்கும். அது பங்கையும் நாளையும் பொறுத்து மாறும், இந்த அளவு லாட்டுக்குச் சுமார் ஒரு லட்சம்னு வெச்சுக்குங்க. அப்போ ஸ்க்ரீன்ல மீதி 3 லட்சத்து 30 ஆயிரம் சும்மா இருக்கற மாதிரி தெரியும். கை அரிக்கும். "நாலு லாட் விக்கலாமே, 7,500-க்கு பதிலா 30,000 வருமே"ன்னு தோணும்.

அந்த நாலு லாட் வித்தவரோட செவ்வாய்க்கிழமையைப் பாருங்க. 2,000 பங்கு, ஒவ்வொன்னுலயும் 189 ரூபாய். 3 லட்சத்து 78 ஆயிரம் நஷ்டம். இடம் வாங்க வெச்சிருந்த 4 லட்சத்து 30 ஆயிரத்துல மிச்சம் 52,000. காலையிலேயே மார்ஜின் பத்தலைன்னு மெசேஜ் வந்திருக்கும். பணம் போடலைன்னா புரோக்கரே பொசிஷனை மூடிடுவாங்க, அன்னிக்கு இருக்கற மோசமான விலையில. எப்படியோ பணம் புரட்டித் தாக்குப்பிடிச்சாலும் எக்ஸ்பைரியில என்ன ஆகும்? 2019 அக்டோபர்லேர்ந்து எல்லாப் பங்கு ஆப்ஷனும் டெலிவரியில முடியும். 860-க்கு 2,000 பங்கு, 17 லட்சத்து 20 ஆயிரம் கட்டணும். அவர் செஞ்சதுக்குப் பேர் கேஷ் செக்யூர்ட் புட் இல்லைங்க. ரெண்டு பேரும் அழுத்தினது ஒரே பட்டனைத்தான், அதனால வித்தியாசம் ஆப்ல தெரியாது. ஒதுக்கி வெச்ச பணத்துல மட்டும்தான் தெரியும்.

அந்தப் பணம் எங்க இருக்குங்கறதும் முக்கியம். லிக்விட் ஃபண்டை அடமானம் வெச்சா மார்ஜினுக்கு ஆகும். டெலிவரிக்கு ரொக்கம் வேணும். எக்ஸ்பைரி நெருங்கும்போது மார்ஜினும் கூடும். அதனால அந்த வாரம் வர்றதுக்கு முன்னாடியே பணம் கணக்குல ரொக்கமா இருக்கணும். எக்ஸ்பைரி தேதியும் மாறியிருக்கு. முன்ன என்எஸ்இ-ல மாசக் கடைசி வியாழன், 2025 செப்டம்பர்லேர்ந்து கடைசி செவ்வாய். பழைய வீடியோ பார்த்துட்டு வியாழன்னு நினைச்சுட்டு உட்கார்ந்துடாதீங்க. வரியையும் மறந்துடாதீங்க. பிரீமியமா வர்றது வியாபார வருமானமாத்தான் போகும், சம்பளக்காரரா இருந்தாலும் ITR-3 தாக்கல் பண்ண வேண்டியிருக்கும்.

மாமா பையன்கிட்ட நான் ரெண்டு கேள்வி கேட்டேன். "இந்தப் பங்கு ஒரு செய்தியால 656-க்குப் போன மறுநாளும், உன் கையில 845 அடக்கத்துல 500 பங்கு இருந்தா உனக்குத் தூக்கம் வருமா?" கொஞ்சம் யோசிச்சுட்டு, "கம்பெனி நல்லா இருந்தா வரும்"னான். சரி, அது நியாயமான பதில். அடுத்த கேள்வி: "இடத்துக்கு எப்போ பணம் கட்டணும்?" "தை மாசம்" அப்படின்னான்.

அதோட பேச்சு முடிஞ்சது. தை மாசம் கட்ட வேண்டிய பணம் இன்னொருத்தருக்குக் கொடுத்த வாக்குல மாட்டியிருக்கக் கூடாது. அது ஏற்கெனவே இடத்துக்காரருக்குக் கொடுத்த வாக்கு. ஒரே ரூபாயை ரெண்டு பேருக்குச் செக்யூரிட்டியா வைக்க முடியாது இல்லைங்களா?

அவன் புட் விக்கலை. லிமிட் ஆர்டரும் போடலை. பணத்தை ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டுட்டான். இடம் முடிஞ்சதுக்கு அப்புறம், வேற பணம் சேர்ந்தா, ஒரே ஒரு லாட்டோட இந்தப் பேச்சைத் திரும்ப ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம். வரட்டுங்களா?