இணைய வகுப்பில் மௌனம் சம்மதம் அல்ல

ஒன்பதாம் வகுப்புக்கு இணையவழி அறிவியல் பாடம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் நாற்பது பெயர்கள். ஆசிரியர் முதல் நாளே விதிகளை வரிசையாகப் படிக்கிறார். மைக்கை அணைத்து வையுங்கள், கேமராவைப் போட்டு வையுங்கள், சாட்டில் எதுவும் எழுதாதீர்கள், நடுவில் பேசாதீர்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. பாடம் தொடங்குகிறது. அரை மணி நேரம் கழித்து “புரிந்ததா?” என்று கேட்கிறார். பதில் இல்லை. அவர் சொல்லிக்கொடுத்த விதிகளை மாணவர்கள் அப்படியே கடைப்பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த விதிகள் எல்லாம் நாற்பது பேர் ஒரே அறையில் இருக்கும்போது பிறந்தவை. அங்கே சிக்கல் சத்தம். அதனால் விதிகளும் சத்தத்தை அடக்கவே வந்தன. அமைதியாக இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே ஆசிரியர் மிச்சத்தைத் தெரிந்துகொண்டார். இணையத்தில் அந்த முகம் இல்லை. அங்கே அமைதி என்றால் கவனமாகவும் இருக்கலாம், குழப்பமாகவும் இருக்கலாம், சிக்னல் போயிருக்கவும் கூடும். ஆகவே முதல் நாள் விதிகளின் வேலை மாணவரை அடக்குவது அல்ல, அவரிடமிருந்து ஓர் அடையாளத்தை வரவழைப்பது என்பதே இன்று நான் சொல்ல வருவது. அந்த விதிகளைச் சொன்னால் மட்டும் போதாது, முதல் பத்து நிமிடத்திலேயே ஒருமுறை செய்து பார்க்க வைக்கவும் வேண்டும்.

இணையத்தில் மௌனம் ஏன் இவ்வளவு எளிதாக விழுகிறது? நாம் நேரில் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. மொழியியலாளர் தான்யா ஸ்டைவர்ஸும் அவருடைய குழுவினரும் பத்து மொழிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அது சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். மொழிக்கு மொழி கொஞ்சம் வேறுபட்டாலும் எங்கும் இதை ஒட்டியே இருக்கிறது. இணைய வகுப்பில் இந்தத் தாளம் குலைந்துவிடுகிறது. ஆசிரியரின் கேள்வி மாணவருக்குப் போய்ச் சேர வேண்டும், அவர் யோசிக்க வேண்டும், மைக் பொத்தானைத் தேடித் தொட வேண்டும், பிறகு குரல் திரும்பி வர வேண்டும். சில நொடிகள் கடந்துவிடும். அந்தத் தாமதத்தை நம் மனம் இணைப்பின் மேல் போடுவதில்லை, எதிரில் இருப்பவர் மேல் போடுகிறது. தொலைபேசி உரையாடலில் வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திப் பார்த்த ஜெர்மானிய ஆய்வொன்று 2014-இல் வந்தது. தாமதம் கூடக்கூட, மறுமுனையில் இருப்பவர் கவனமில்லாதவர் என்றே கேட்டவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வகுப்பிலும் இதுதான் நடக்கிறது. “இந்தப் பசங்களுக்கு அக்கறையே இல்லை” என்று ஆசிரியர் முடிவுகட்டி, தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், பதில் சொல்லத் தேவையில்லை என்பதை மாணவர் கற்றுக்கொள்வார்.

இந்த அவசரம் நேர் வகுப்பிலும் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி மட்டுமே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, தாமாகப் பேசும் பிள்ளைகள் கூடினார்கள், பதிலே இல்லாமல் போகும் கேள்விகள் குறைந்தன. நேரில் மூன்று நொடி தேவை என்றால், பொத்தானும் தாமதமும் சேர்ந்த இணையத்தில் எட்டு, பத்து நொடி கொடுப்பது தாராளம் இல்லை, தேவை. ஆனால் பத்து நொடி மௌனம் இரு பக்கமும் சங்கடமாக இருக்கும். அது எதற்காக என்று முதல் நாளே சொல்லிவிட்டால் சங்கடம் பாதி குறையும்.

அப்படி ஒரு தொடக்கம் காதுக்கு எப்படி இருக்கும்? ஓர் ஆசிரியை இப்படிப் பேசலாம்: “எல்லாருக்கும் வணக்கம் பசங்களா. என் குரல் கேக்குதுன்னா சாட்ல ஒண்ணுன்னு போடுங்க. விட்டு விட்டுக் கேட்டா ரெண்டுன்னு போடுங்க. நான் பத்து வரைக்கும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு இருப்பேன், அவசரமே வேண்டாம். ம்... இருபத்தாறு ஒண்ணு, ஏழு ரெண்டு வந்திருக்கு. ரெண்டு போட்டவங்க உங்க வீடியோவை நிறுத்திட்டுப் பாருங்க, குரல் தெளிவாகும். இந்த வகுப்புல மூணே விதி. ஒண்ணு, நான் கேள்வி கேட்டா எல்லாரும் ஏதாவது ஒரு பதில் போடணும். தெரியலைன்னா தெரியலைன்னே போடலாம், அதுவும் பதில்தான். ரெண்டு, பேசணும்னா கை தூக்குற பொத்தானை அமுக்குங்க, நான் பேரைச் சொன்னதும் மைக்கைத் திறங்க. ஏன்னா ஒரே நேரத்துல நாலு மைக் திறந்தா யார் பேசுறதும் யாருக்கும் கேக்காது. மூணு, லைன் போயிட்டா பதறாம திரும்ப வாங்க, மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். விட்டுப்போன பகுதியை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவுல போட்டுடுவேன். என் லைனே போயிட்டா அஞ்சு நிமிஷம் அப்படியே காத்திருங்க. சரி, இப்ப ஒரு ஒத்திகை. தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்? போடுங்க பார்ப்போம்.”

இந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு விதிக்கும் பக்கத்திலேயே அதன் காரணமோ வழியோ நிற்பதுதான். காரணம் தெரிந்த விதியை நினைவூட்ட அதட்டல் தேவைப்படாது. முதல் வேண்டுகோளும் மிக எளியது. ஒரே ஓர் எண்ணை அழுத்தினால் போதும், தவறான விடை என்பதே கிடையாது. கூச்சப்படும் பிள்ளைக்கும் அன்று வகுப்பில் ஒருமுறை பங்கெடுத்தாகிவிட்டது. கேள்வியும் “புரிந்ததா?” என்று பொதுவாக இல்லை, ஒன்றா இரண்டா என்று எண்ணக்கூடிய விடையைக் கேட்கிறது. நாற்பது பேரில் முப்பத்து மூன்று பதில் வந்தால், ஏழு பேரைத் தேட வேண்டும் என்பது இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. அந்த ஏழு பேர் யார் என்பதற்கு ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும். பல பிள்ளைகள் அப்பாவின் போனில் வருவதால் திரையில் அப்பாவின் பெயரோ போன் கம்பெனியின் பெயரோதான் இருக்கும். பதிலோடு வருகைப் பதிவேட்டு எண்ணையும் சேர்த்துப் போடச் சொன்னால் இந்தக் குழப்பம் தீரும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். எல்லாவற்றையும்விட அழுத்தமாக எழுவது கேமரா பற்றியது. முகத்தைக் காட்டாவிட்டால் பிள்ளை தூங்கிவிடும், வேறு விளையாட்டில் இறங்கிவிடும் என்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் திரையைப் பார்க்கும் கண் பாடத்தைத்தான் பார்க்கிறது என்று முகம் சொல்லிவிடாது. சாட்டில் வரும் பதில் சொல்லும். கட்டாயப்படுத்துவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லி, சர்வரி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், கேமராவை அணைக்கும் காரணங்களில் முதலில் நின்றது தன் தோற்றம் பற்றிய கவலை. பின்னால் தெரியும் வீடும், குறுக்கே வரும் வீட்டாரும் காரணங்களாக வந்தன. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டின் ஜெரெமி பெய்லன்சன், காணொளிச் சந்திப்பு களைப்புத் தருவதற்கு முன்வைத்த காரணங்களில் ஒன்று, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. டேட்டா கணக்கும் இருக்கிறது. ஓரளவு தெளிவான வீடியோவை அனுப்ப நொடிக்கு 600 கிலோபிட் ஆகிறது என்றால், 45 நிமிட வகுப்புக்கு ஏறக்குறைய 200 எம்பி. குரல் மட்டும் என்றால் 30 எம்பிக்குள் முடிந்துவிடும். ஒரே போனில் அக்காவும் தம்பியும் படிக்கும் வீட்டில் இது பெரிய வித்தியாசம். அதனால் விரும்புகிறவர்கள் முதல் இரண்டு நிமிடம் முகம் காட்டி வணக்கம் சொல்லட்டும், பிறகு அணைத்துக்கொள்ளட்டும். ஆசிரியர் தன் கேமராவைத் திறந்தே வைப்பது நல்லது. பிள்ளைகளுக்குப் பார்க்க ஒரு முகம் வேண்டும்.

அடுத்த மறுப்பு நேரம் பற்றியது. மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதல்கள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் கொண்ட நான்கு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம் என்றன. இவ்வளவு குறுகிய வகுப்பில் பத்து நிமிடத்தை விதிகளுக்குக் கொடுத்தால் பாடம் என்னாவது என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பில் மூன்று கேள்வி கேட்டு, ஒவ்வொன்றிலும் “யாராவது சொல்லுங்க, கேக்குதா, மைக்கைத் திறங்க” என்று ஒரு நிமிடம் போகிறது என்று வைத்தால், நான்கு வகுப்பில் பன்னிரண்டு நிமிடம் போய்விடும். முதல் நாள் செலவு ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. ஒத்திகைக் கேள்வியைப் பாடத்திலிருந்தே எடுத்தால் பத்து நிமிடம் முழுவதும் செலவும் ஆகாது. தண்ணீர் கொதிக்கும் கேள்விக்கு நூறு என்று பலர் போடுவார்கள். “ஊட்டியிலும் நூறுதானா?” என்று ஆசிரியை கேட்டால், உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும் என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நட்பாகப் பேசினால் பிள்ளைகள் தலைமேல் ஏறிவிடுவார்கள், சாட்டைத் திறந்துவிட்டால் கேலியும் கிண்டலும் கொட்டும் என்பது இன்னொரு கவலை. கொட்டத்தான் செய்யும், முதல் வாரத்தில் ஓரிருவராவது சோதித்துப் பார்ப்பார்கள். அதற்கு விடை, அத்துமீறினால் என்ன நடக்கும் என்பதையும் அதே இதமான குரலில் முதல் நாளே சொல்லிவிடுவது: “சாட்ல யாரையாவது கிண்டல் பண்ணினா அன்னைக்கு முழுக்க சாட் எனக்கு மட்டும் வர்ற மாதிரி மாத்திடுவேன். வகுப்பு முடிஞ்சதும் அவங்ககிட்ட தனியாப் பேசுவேன்.” ஜூம் போன்ற செயலிகளில் இப்படி மாற்றி வைக்க முடியும். எல்லார் முன்னாலும் ஒருவரைத் திட்டினால் மற்ற முப்பத்தொன்பது பேரும் பதில் போடத் தயங்குவார்கள், பிறகு மூன்று விதிகளும் வீணாகும். சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆசிரியரிடம் நட்பு, கண்டிப்பைக் குறைப்பதில்லை.

இந்த முறைக்கு எட்டாத இடமும் உண்டு. 2017-18-இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பத்துக்குத்தான் இணைய வசதி இருந்தது. நிலைமை அதன்பிறகு மாறியிருந்தாலும், போன் இல்லாத பிள்ளையை எந்த நல்ல தொடக்கமும் வகுப்புக்குள் கொண்டுவராது. போன் யாருடையது, எத்தனை மணி வரை கையில் இருக்கும் என்பதைப் பொதுவில் கேட்காமல், ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக அழைத்துக் கேட்டுக்கொள்வதும் முதல் வாரத்தின் வேலையே.

தொடக்கம் சரியாக அமைந்ததா என்று அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, இன்று நடத்திய பாடத்திலிருந்து ஒரு சிறு கேள்வி கேட்டு, வரும் பதில்களை எண்ணுங்கள். தொடக்கத்தில் முப்பத்து மூன்று, இப்போது முப்பது என்றால் விதி வேலை செய்கிறது. பன்னிரண்டுதான் என்றால் பிள்ளைகளைக் குறைசொல்லும் முன், நடுவில் எத்தனை கேள்வி கேட்டோம், பத்து வரை எண்ணினோமா என்று ஆசிரியர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் போடாத எண்களைக் குறித்துவைத்து, மாலையில் அந்த வீடுகளுக்கு ஒரு போன் செய்ய வேண்டும். பல வீடுகளில் காரணம் சிக்னலாகவே இருக்கும்.